மூணாவது ஆளு எந்தப் பக்கம்? முக்கோணத்தில் சிக்கிய காந்தங்கள் ஒழுங்குக்கு வர மறுப்பது ஏன்?

ஒரு காந்தப் பொருளைக் குளிர வைத்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் அதற்குள் இருக்கும் கோடானுகோடி குட்டிக் காந்தங்கள் திடீரென ஒரு ஒழுங்குக்கு வந்துவிடும். தண்ணீர் குளிர்ந்து பனிக்கட்டியாவது போலத்தான் இதுவும். ஆனால் சில படிகங்கள் மட்டும் பிடிவாதம் பிடிக்கின்றன. இதைவிடக் குளிர முடியாது என்று இயற்பியல் சொல்லும் மைனஸ் 273.15 டிகிரி செல்சியஸுக்கு வெறும் 0.06 டிகிரி மேலே வரை கொண்டுபோன பிறகும், உள்ளே இருக்கும் காந்தங்கள் வரிசைக்கு வரவில்லை.

காரணம் தேடிப் போனால் விஞ்ஞானிகள் காட்டுவது ஒரு முக்கோணத்தை. அணுக்கள் முக்கோண முக்கோணமாக அடுக்கப்பட்டிருப்பதுதான் சிக்கல் என்கிறார்கள். இது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. முக்கோணம் இருந்தும் ஒழுங்குக்கு வரும் படிகங்கள் இருக்கின்றன. ஒழுங்குக்கு வராத படிகத்தில் குற்றவாளி முக்கோணமே இல்லாமலும் இருக்கலாம். 2015ல் சீனாவில் இருந்து வந்த ஒரு படிகத்தின் கதை அப்படித்தான் திரும்பியது. அதற்கு முன்னால், முக்கோணத்தில் என்னதான் பிரச்சினை என்று பார்த்துவிடலாம்.

முதலில் ஸ்பின், அப்புறம் சண்டை

சில அணுக்கள் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். அதன் காந்தம் எந்தத் திசையைக் காட்டுகிறதோ அதை ஸ்பின் என்பார்கள். ஒரு அம்புக்குறி என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

நாம் ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தத்தில் பக்கத்துப் பக்கத்து அம்புகள் ஒரே திசையைக் காட்ட விரும்பும். எல்லாம் ஒன்று சேர்ந்து இழுப்பதால்தான் அது ஒட்டுகிறது. ஆனால் இன்னொரு வகை உண்டு. அதில் பக்கத்து வீட்டுக்காரர் மேலே பார்த்தால் இவர் கீழே பார்ப்பார். இதன் பெயர் ஆன்டிஃபெர்ரோ காந்தம். மேலும் கீழும் சமமாக இருப்பதால் வெளியே எந்த ஈர்ப்பும் தெரியாது. இந்த வகை பற்றிய அடிப்படை ஆய்வுக்காகத்தான் பிரான்ஸ் விஞ்ஞானி லூயி நீல் 1970ல் நோபல் பரிசு பெற்றார்.

அணுக்கள் சதுரம் சதுரமாக அடுக்கப்பட்டிருந்தால் இந்தச் சண்டைக்காரர்களுக்குப் பிரச்சினையே இல்லை. செஸ் போர்டை நினைத்துப் பாருங்கள். வெள்ளைக் கட்டத்தில் எல்லாம் மேல், கறுப்புக் கட்டத்தில் எல்லாம் கீழ். எந்தக் கட்டத்தை எடுத்தாலும் பக்கத்தில் இருப்பவர் எதிர்த்திசை. எல்லோருக்கும் திருப்தி.

இப்போது முக்கோணத்துக்கு வாருங்கள். மூன்று முனையிலும் ஒவ்வொரு ஸ்பின். முதல் ஆள் மேல், இரண்டாவது ஆள் கீழ். சரி, மூணாவது ஆளு என்ன பண்ணுவார்? மேலே பார்த்தால் முதல் ஆளோடு ஒத்துப்போய்விடுகிறார். கீழே பார்த்தால் இரண்டாவது ஆளோடு ஒத்துப்போய்விடுகிறார். எப்படிப் போனாலும் மூன்று ஜோடிகளில் ஒரு ஜோடி கெட்டுத்தான் போகும்.

இந்த நிலைக்குத்தான் இயற்பியலில் ஃப்ரஸ்ட்ரேஷன் என்று பெயர். நம்ம ஊர் பசங்க பேச்சுவழக்கில் சொல்லும் அதே வார்த்தைதான். பிரான்சின் ஜெரார் தூலூஸ் 1977ல் எழுதிய ஆய்வுக் கட்டுரைக்குப் பிறகு இந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அடுக்கின் வடிவத்தால் வருவதால் வடிவியல் ஃப்ரஸ்ட்ரேஷன். தமிழில் இழுபறி என்றால் பொருத்தமாக இருக்கும்.

கோலத்தில் போட்டுப் பார்த்தால்

ஒரு முக்கோணத்தில் ஒரு ஜோடி கெடுவது சின்ன விஷயமாகத் தெரியலாம். உண்மையான விபரீதம் முக்கோணங்கள் தொடர்ச்சியாக அடுக்கப்படும்போதுதான் தெரியும். அதற்கு ஒரு கோலம் போதும்.

கோலம் போடுபவர்களுக்கு இரண்டு வகைப் புள்ளி தெரியும். நேர்ப்புள்ளி வைத்தால் புள்ளிகள் சதுரமாக அமையும், அது செஸ் போர்டு கதை. இடுக்குப் புள்ளி, அதாவது சந்துப் புள்ளி வைத்தால், மேல் வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் கீழ் வரிசைப் புள்ளி வரும். அது அப்படியே முக்கோண அடுக்கு. உள்ளே இருக்கும் எந்தப் புள்ளியை எடுத்தாலும் அதைச் சுற்றி ஆறு அண்டைப் புள்ளிகள்.

15 புள்ளி, 8 வரை, இடுக்குப் புள்ளி என்று வைத்துக்கொள்வோம். நடு வரிசையில் 15, மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைந்து 8ல் முடியும். மொத்தம் 169 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு ஸ்பின். அம்பு மேலே அல்லது கீழே, வேறு திசை கிடையாது.

இப்போது மூன்று நிறக் கோலப்பொடி எடுத்து, எந்த முக்கோணத்தைப் பார்த்தாலும் மூன்று முனையிலும் மூன்று நிறம் வருகிற மாதிரி புள்ளிகளை நிறம் பிரிக்கலாம். நடுப்புள்ளிக்கு மஞ்சள் கொடுத்துத் தொடங்கினால், 55 புள்ளி மஞ்சள், 57 சிவப்பு, 57 பச்சை என்று வரும். சிவப்பு எல்லாம் மேல், பச்சை எல்லாம் கீழ் என்று வைத்துவிடுவோம். மஞ்சள்?

எந்த மஞ்சள் புள்ளியை எடுத்தாலும் அதைச் சுற்றி மூன்று சிவப்பு, மூன்று பச்சை இருக்கும். கோலத்தின் ஓரத்தில் இருக்கும் மஞ்சளுக்கு இரண்டு, இரண்டு. அதாவது மூன்று பேர் கீழே போ என்கிறார்கள், மூன்று பேர் மேலே போ என்கிறார்கள். ஓட்டு சமம். மஞ்சள் ஸ்பின் எந்தப் பக்கம் திரும்பினாலும் மொத்த ஆற்றலில் ஒரு துளிகூட மாற்றம் இருக்காது.

மஞ்சளுக்குப் பக்கத்தில் இன்னொரு மஞ்சள் கிடையாது. ஆகவே 55 மஞ்சள்களும் ஒருவரை ஒருவர் கேட்காமல் இஷ்டத்துக்குத் திரும்பலாம். 2ஐ 55 முறை பெருக்கினால் வரும் எண்ணிக்கையில் அடுக்குகள் கிடைக்கும். அது சுமார் 36,000 லட்சம் கோடி! ஒரு வாசல் கோலத்துக்கே இவ்வளவு. ஓரப்புள்ளிகளின் கணக்கு கொஞ்சம் வேறுபடும் என்றாலும், பெரிய படிகத்தில் ஓரம் ஒரு பொருட்டே இல்லை. அங்கே இந்த அடுக்குகள் எல்லாமே மிகக் குறைந்த ஆற்றல் கொண்டவை, ஏனென்றால் ஒவ்வொரு முக்கோணத்திலும் கெட்டது ஒரே ஒரு ஜோடி. அதைவிடக் குறைக்க யாராலும் முடியாது.

பொருள் குளிரும்போது அது மிகக் குறைந்த ஆற்றல் உள்ள அடுக்கைத் தேடிப் போகும். அப்படி ஒன்றே ஒன்று இருந்தால் அதில் போய் உட்கார்ந்துவிடும், அதைத்தான் ஒழுங்கு என்கிறோம். 36,000 லட்சம் கோடி இருந்தால் எதில் உட்காரும்? ஒன்றைவிட இன்னொன்று மேல் என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை. அதனால் எதிலும் உட்காராமல் அலைந்துகொண்டே இருக்கும்.

இதைத் துல்லியமாகக் கணக்குப் போட்டவர் கிரிகரி வானியர். 1950ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்தபோது, மேல்-கீழ் மட்டுமே தெரிந்த முக்கோண ஆன்டிஃபெர்ரோ காந்தம் எந்த வெப்பநிலையிலும் ஒழுங்குக்கு வராது என்று நிறுவினார். முழுமையான பூஜ்யத்தில்கூட ஒரு ஸ்பின்னுக்குச் சராசரியாக 1.38 வாய்ப்புகள் மீதி இருக்கின்றன. முழுச் சுதந்திரம் என்றால் அது 2, முழு ஒழுங்கு என்றால் 1. மஞ்சள் புள்ளிக் கணக்கு மட்டும் தருவது சுமார் 1.26. ஆக, நாம் எண்ணியதைவிடவும் அதிகமான அடுக்குகள் ஒளிந்திருக்கின்றன. ஒரு சுவாரஸ்யம்: வானியர் 1950ல் அச்சிட்ட எண்ணில் சின்னப் பிழை இருந்தது. அதற்கான திருத்தம் வெளியானது 1973ல்!

அப்போ முக்கோணம் என்றாலே ஒழுங்கு கிடையாதா?

அங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். வானியர் கணக்கில் அம்புக்கு இரண்டே திசை. ஆனால் பல படிகங்களில் ஸ்பின் திசைகாட்டி முள் மாதிரி எந்தப் பக்கமும் திரும்பலாம். திரும்ப இடம் கிடைத்ததும் சமரசம் பிறந்துவிடுகிறது.

ஒரு மதிப்பெண் முறை வைத்துப் பார்ப்போம். இரண்டு பக்கத்து ஸ்பின்கள் நேரெதிராக இருந்தால் 1 மதிப்பெண். ஒரே திசை என்றால் மைனஸ் 1. இடையில் இருந்தால் இடையில். மேல்-கீழ் மட்டும் தெரிந்த முக்கோணத்தில் இரண்டு ஜோடி நல்லது, ஒன்று கெட்டது. மொத்தம் 1.

முள் மாதிரித் திரும்பும் ஸ்பின்கள் என்ன செய்கின்றன தெரியுமா? மூன்றும் 120 டிகிரி இடைவெளியில் விலகி நிற்கின்றன, சீலிங் ஃபேனின் மூன்று இறக்கை மாதிரி. ஒவ்வொரு ஜோடிக்கும் அரை மதிப்பெண், மொத்தம் ஒன்றரை. யாருக்கும் முழுத் திருப்தி இல்லை, ஆனால் யாரும் முழுசாக ஏமாறவும் இல்லை. மொத்தக் கணக்கில் இதுதான் லாபம்.

அதைவிட முக்கியமானது, இந்தச் சமரசம் பரவும் விதம். முக்கோண அடுக்கில் பக்கத்துப் பக்கத்து முக்கோணங்கள் ஒரு விளிம்பையே பகிர்ந்துகொள்கின்றன. அதாவது இரண்டு ஸ்பின்கள் இரண்டு முக்கோணத்துக்கும் பொது. ஒரு முக்கோணத்தில் மூன்று திசையும் முடிவாகிவிட்டால், பக்கத்து முக்கோணத்தில் இரண்டு திசை ஏற்கெனவே முடிவாகிவிட்டது. மீதி இருக்கும் ஒருவர் மூன்றாவது திசையில்தான் நிற்க வேண்டும், வேறு வழியே இல்லை. அவர் முடிவானதும் அடுத்த முக்கோணம், அதற்கடுத்தது என்று படிகம் முழுக்க ஒரே அடுக்கு பரவிவிடும். சிவப்பு ஒரு திசை, பச்சை ஒரு திசை, மஞ்சள் ஒரு திசை.

மேல்-கீழ் ஸ்பின்னில் இந்த இடத்தில்தான் கயிறு அறுந்தது. அங்கே பொதுவாக இருக்கும் இருவர் மேல், கீழ் என்று நின்றால், மூன்றாமவருக்கு இரண்டு வழியும் திறந்தே இருக்கிறது. முடிவு அடுத்த முக்கோணத்துக்குக் கடத்தப்படுவதே இல்லை. ஒரே முக்கோணம், ஒரே சண்டை. அம்பு எத்தனை திசையில் திரும்பலாம் என்ற ஒரே வித்தியாசத்தில் முடிவு தலைகீழாகிவிடுகிறது.

இதற்கு உண்மையான படிகமும் சாட்சி சொல்கிறது. Ba₃CoSb₂O₉ என்ற பேரியம், கோபால்ட், ஆன்டிமணி ஆக்சைடில் கோபால்ட் அணுக்கள் கச்சிதமான முக்கோண அடுக்கில் இருக்கின்றன. இது 3.8 கெல்வினில் 120 டிகிரி ஒழுங்குக்கு வந்துவிடுகிறது. ஆனால் பக்கத்து ஸ்பின்களுக்கு இடையேயான பிணைப்பின் வலு சுமார் 18, 19 கெல்வின். அந்த வலுவுக்கு இன்னும் முன்னதாகவே வரிசைக்கு வந்திருக்கலாம். தாமதத்துக்கு இழுபறி ஒரு காரணம். தனித்தனித் தகடாக இருக்கும் அடுக்குகளில் வெப்ப ஆட்டம் ஒழுங்கை எளிதாகக் கலைத்துவிடும் என்பது இன்னொரு காரணம். அடுக்குகளுக்கு இடையே இருக்கும் மெல்லிய தொடர்புதான் கடைசியில் கைகொடுக்கிறது.

சமநிலையில் முடிந்த போட்டி

சமரசம் கிடைத்துவிட்டது, கதை முடிந்தது என்று நினைத்தால், 1973ல் பிலிப் ஆண்டர்சன் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். பின்னாளில் (1977) நோபல் பெற்ற அதே ஆண்டர்சன்தான். அவர் கேட்டது இது: ஸ்பின் மிகச் சிறியதாக இருந்தால், அதாவது குவான்டம் விதிகள் முழு வீச்சில் வேலை செய்யும் ஸ்பின் ½ ஆக இருந்தால், இந்தச் சமரசம் நிலைக்குமா?

குவான்டம் உலகில் இரண்டு ஸ்பின்களுக்கு ஒரு விசேஷச் சலுகை உண்டு. இருவரும் வெளியாரோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டு தங்களுக்குள் மட்டும் ஜோடி சேர்ந்துகொள்ளலாம். அந்த ஜோடியில் யார் மேல், யார் கீழ் என்று சொல்லவே முடியாது, ஆனால் எப்போதும் எதிரெதிர்தான். இப்படிச் சேர்ந்த ஸ்பின் ½ ஜோடிக்கு நம் முறைப்படி 1 அல்ல, 3 மதிப்பெண். மூன்று மடங்கு லாபம். நஷ்டம் என்னவென்றால், மற்ற அண்டை வீட்டாரோடு கிடைக்கும் மதிப்பெண் பூஜ்யம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். சதுர அடுக்கில் ஒருவருக்கு நான்கு அண்டை. ஒவ்வொரு பிணைப்பும் இருவருக்குப் பொது என்பதால் தலைக்கு இரண்டு பிணைப்பு. ஒழுங்காக நின்றால் தலைக்கு 2 மதிப்பெண். ஜோடி சேர்ந்தால் 3ஐ இருவர் பிரித்துக்கொள்ள, தலைக்கு ஒன்றரை. ஒழுங்குதான் ஜெயிக்கிறது, போட்டியே இல்லை.

முக்கோண அடுக்கில் ஆறு அண்டை, தலைக்கு மூன்று பிணைப்பு. 120 டிகிரி ஒழுங்கில் ஒவ்வொன்றுக்கும் அரை மதிப்பெண், ஆக தலைக்கு ஒன்றரை. ஜோடி சேர்ந்தாலும் தலைக்கு ஒன்றரை. டை!

முக்கோணம் செய்யும் உண்மையான வேலை இதுதான். அது ஒழுங்கை நேரடியாகக் கொல்வதில்லை. ஒழுங்கின் லாபத்தைக் குறைத்து, போட்டியாளரோடு சமநிலைக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது. அதன்பிறகு சின்னச் சின்ன விஷயங்கள் முடிவைத் தீர்மானிக்கும். ஆண்டர்சன் வாதம் என்னவென்றால், யாரோடு யார் ஜோடி என்பதும் நிலையாக இருக்க வேண்டியதில்லை. ஜோடிகள் மாறிக்கொண்டே இருக்கலாம், எல்லா ஜோடி அமைப்புகளும் ஒரே நேரத்தில் கலந்து இருக்கலாம். அந்தக் கலப்பில் கூடுதல் லாபம் உண்டு. அதனால் ஸ்பின்கள் பூஜ்யத்திலும் உறையாமல் திரவம் மாதிரி இருக்கும் என்றார். இதன் பெயர் குவான்டம் ஸ்பின் திரவம். 1987ல் இதே யோசனையை அவர் உயர் வெப்பநிலை மீக்கடத்திகளுக்குக் கொண்டுபோனபோது, உடன் இணைந்து கணக்குப் போட்டவர்களில் ஒருவர் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தோடு நீண்டகாலத் தொடர்புடைய ஜி.பாஸ்கரன்.

ஆனால் முக்கோண அடுக்கைப் பொறுத்தவரை ஆண்டர்சனின் முதல் ஊகம் பலிக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். நம் மதிப்பெண் கணக்கு தோராயமானது. ஒழுங்கு நிலையும் கொஞ்சம் நடுங்கி, அந்த நடுக்கத்தில் கூடுதல் லாபம் பார்க்கும். 1990களில் தொடங்கி கம்ப்யூட்டரில் போட்ட பெரிய கணக்குகள் எல்லாம், பக்கத்து அண்டைகளோடு மட்டும் பிணைந்த ஸ்பின் ½ அடுக்கில் 120 டிகிரி ஒழுங்கு பூஜ்யத்தில் பிழைத்துக்கொள்கிறது என்றே காட்டுகின்றன. ஆனால் குற்றுயிராக. ஒழுங்கின் வலு முழு அளவில் சுமார் 40 சதவீதம்தான். சதுர அடுக்கில் இது 60 சதவீதம்.

குற்றுயிராக இருப்பதை லேசாகத் தள்ளினால் போதும். பக்கத்து அண்டைக்கு அடுத்த அண்டையோடும் ஒரு சின்னப் பிணைப்பு, முதல் பிணைப்பில் சுமார் 8 முதல் 16 சதவீதம் அளவுக்கு இருந்தால், ஒழுங்கு காணாமல் போய் ஸ்பின் திரவம் வந்துவிடுகிறது என்கின்றன கணக்குகள். இப்போது கேள்வி, அப்படிப்பட்ட படிகம் நிஜத்தில் இருக்கிறதா?

சீனப் படிகமும் ஒரு சந்தேகமும்

2015ல் சீன ஆராய்ச்சியாளர்கள் YbMgGaO₄ என்ற படிகத்தை அறிவித்தார்கள். யெட்டர்பியம், மெக்னீசியம், காலியம் சேர்ந்த ஆக்சைடு. யெட்டர்பியம் அணுக்கள் கச்சிதமான முக்கோண அடுக்கில் இருக்கும், மிகக் குறைந்த வெப்பநிலையில் ஸ்பின் ½ மாதிரியே நடந்துகொள்ளும்.

ஒரு படிகத்தில் இழுபறி எவ்வளவு என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. முதலில் சூடான நிலையில், வெளிக் காந்தப்புலத்துக்கு அது எவ்வளவு வளைந்து கொடுக்கிறது என்று அளப்பார்கள். அதில் இருந்து ஸ்பின்களுக்கு இடையேயான சண்டையின் வலு வெப்பநிலை அளவில் கிடைத்துவிடும். சாதாரணப் படிகம் கிட்டத்தட்ட அந்த வெப்பநிலையிலேயே ஒழுங்குக்கு வரும். உதாரணமாக மாங்கனீசு ஃபுளோரைடில் சண்டையின் வலு சுமார் 80 கெல்வின், ஒழுங்கு வருவது 67 கெல்வினில். இரண்டின் விகிதம் ஒன்றரைகூட இல்லை. இந்த விகிதம் 10ஐத் தாண்டினால் இழுபறி பலமாக இருக்கிறது என்று கொள்வார்கள்.

YbMgGaO₄ல் சண்டையின் வலு சுமார் 4 கெல்வின். 0.06 கெல்வின் வரை குளிர்வித்தும் ஒழுங்கு வரவில்லை. விகிதம் 60ஐத் தாண்டுகிறது. ஒழுங்கு வந்தால் வெப்ப ஏற்பு அளவீட்டில் கூர்மையான ஒரு முகடு தெரியும், இங்கே மழுங்கிய மேடுதான் இருந்தது. நியூட்ரான்களைப் பாய்ச்சினால் ஒழுங்கான படிகம் குறிப்பிட்ட இடங்களில் பளிச்சென்று புள்ளிகளைக் காட்டும், இங்கே புள்ளி இல்லை. 2016ல் வெளியான நியூட்ரான் ஆய்வில் பரந்து விரிந்த ஒரு மங்கலான மேகம்தான் தெரிந்தது. ஸ்பின் திரவம் இருந்தால் இப்படித்தான் தெரியும் என்று கோட்பாடு சொன்ன அதே மேகம். தேடியது கிடைத்துவிட்டது என்ற பரபரப்பு.

பிரச்சினை முக்கோண அடுக்கில் இல்லை, அடுக்குகளுக்கு நடுவில் இருந்தது. அங்கே மெக்னீசியமும் காலியமும் ஒரே வகை இடங்களைப் பாதிக்குப் பாதி பங்கு போட்டுக்கொண்டு, எது எங்கே என்ற ஒழுங்கே இல்லாமல் கிடக்கின்றன. காந்தத்துக்கும் இவற்றுக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. ஆனால் இரண்டின் மின்னூட்டம் வேறு (மெக்னீசியத்துக்கு 2, காலியத்துக்கு 3). அதனால் ஒவ்வொரு யெட்டர்பியமும் கொஞ்சம் வேறுவேறு சூழலை உணர்கிறது. ஸ்பின்களின் பிணைப்பும் இடத்துக்கு இடம் மாறிவிடுகிறது.

பிணைப்பு கன்னாபின்னாவென்று மாறினால், ஸ்பின்கள் திரவமாக ஓடாமல், ஆளுக்கொரு திசையில் அப்படியே உறைந்தும் போகலாம். கண்ணாடி மாதிரி. ஒழுங்கு இருக்காது, ஆனால் ஓட்டமும் இருக்காது. தூரத்தில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே தெரியும். 2017ல் வெளியான ஒரு கோட்பாட்டு ஆய்வு, இந்தப் படிகத்தில் பார்த்த அந்த மேகத்தை வெறும் ஒழுங்கீனமே உண்டாக்கிவிட முடியும் என்று காட்டியது.

திரவமா, கண்ணாடியா என்று எப்படிப் பிரிப்பது? இரண்டு சோதனைகள் இங்கே பேசின. ஒன்று, வெப்பக் கடத்தல். ஸ்பின்கள் நிஜமாகவே திரவம் போல் நகர்ந்தால் அவை வெப்பத்தையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். 2016 அளவீட்டில் ஸ்பின்கள் வெப்பத்தைக் கடத்தியதற்கான தடயமே இல்லை. இரண்டாவது, காந்தப்புலத்தை வேகமாக மாற்றி மாற்றி ஆட்டிப் பார்ப்பது. கண்ணாடி போல் உறையும் பொருளில், ஆட்டும் வேகத்தைப் பொறுத்து உறையும் வெப்பநிலையும் நகர்ந்துகொண்டே போகும். 2018ல் இந்தப் படிகத்திலும், மெக்னீசியத்துக்குப் பதில் துத்தநாகம் போட்ட அதன் தம்பி YbZnGaO₄லும் சுமார் 0.1 கெல்வின் அருகே அந்த நகரும் முகடு தெரிந்தது.

அதாவது 0.06 கெல்வின் வரை ஒழுங்கு இல்லை என்ற தகவல் சரியானதே. அதற்குக் காரணம் முக்கோணம் மட்டுமே என்ற முடிவுதான் ஆட்டம் கண்டுவிட்டது. முக்கோணம் ஒழுங்கைப் பலவீனப்படுத்தி வைத்தது, கலப்படம் வந்து கலைத்துவிட்டது என்ற விளக்கத்துக்கே இப்போது பலம் அதிகம். எல்லோரும் இதை ஏற்கிறார்களா என்றால், வாதம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

இதற்குப் பிறகு ஆய்வாளர்கள் நடு அடுக்கில் இப்படிக் கலப்பு இல்லாத படிகங்கள் பக்கம் திரும்பினார்கள். நடுவில் ஒரே வகை அணு, சோடியம் அல்லது பொட்டாசியம் மட்டும். அதில் ஒன்றான NaYbO₂ 0.05 கெல்வின் வரையிலும் ஒழுங்குக்கு வரவில்லை என்று 2019ல் தெரிந்தது. உறவுக்காரப் படிகமான KYbSe₂ வேறு கதை சொல்கிறது. அது 0.29 கெல்வினில் அந்தப் பழைய 120 டிகிரி ஒழுங்குக்கே வந்துவிடுகிறது. ஆனால் நியூட்ரான் ஆய்வில் அதன் கையெழுத்து பெரும்பாலும் மேகமாகவே இருக்கிறது. ஒழுங்கின் பக்கம் ஒரு கால், திரவத்தின் பக்கம் ஒரு கால். டையில் முடிந்த அந்த ஒன்றரைக்கு ஒன்றரை கணக்கு, படிகத்துக்குள் தெரிவது இப்படித்தான்.